எழுத்தின் தொனியும் வாசிப்பவரின் குரலும்

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் நடுவில், நான்காம் அதிகாரம் இருபதாம் வசனத்தில், பவுல் திடீரென்று தம் எழுத்தின்மேலேயே அதிருப்தி கொள்கிறார். தாம் இப்பொழுது அவர்களோடு நேரில் இருந்து, தம் குரலை மாற்றிப் பேசக்கூடுமானால் நலமாயிருக்கும் என்றும், அவர்களைக் குறித்துத் தாம் திகைத்து நிற்பதாகவும் கூறுகிறார். ஈண்டு அவர் வழங்கும் கிரேக்கச் சொல் 'ஃபோனே' என்பது. அது குரலையும் குறிக்கும், குரலின் தொனியையும் குறிக்கும். கடிந்துரைக்கும் தொனியை விட்டுத் தாயின் தொனிக்கு மாற விரும்புகிறார் என்பர் சிலர். எழுத்தைத் தந்துவிட்டு அதற்கு ஈடாக உயிருள்ள குரலைப் பெற விரும்புகிறார் என்பர் வேறு சிலர். எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு. தாம் சொன்ன சொற்கள் தம் தொனியைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்னும் ஐயம் அவருக்கு எழுந்துவிட்டது.

அவ்வையத்திற்குக் காரணமும் இருந்தது. இத்திருமுகம் ஒரு சபைக்கு எழுதப்பட்டதன்று. கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதப்பட்டது. ஒவ்வோரிடத்திலும் யாரோ ஒருவர் கூடிவந்தோர் முன் நின்று உரக்க வாசித்திருப்பார். மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், கலாத்தியர் அறிவற்றவர்கள் என்று முகத்துக்கு நேரே விளிக்கும் அவ்விடத்தை அந்த வாசகர் எந்தக் குரலில் வாசித்தார்? நான்காம் அதிகாரத்தில் தம்மைப் பிரசவ வேதனைப்படும் தாயாகவும் அவர்களைத் தம் பிள்ளைகளாகவும் பவுல் குறிப்பிடுகிறார். அதை மனத்திற்கொண்டு மூன்றாம் அதிகாரத்தை வாசிப்பவர் ஒருவகையாய் வாசிப்பார். சபையில் தம் எதிர்க்கட்சியாரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவர் வேறுவகையாய் வாசிப்பார். எழுதியவர் தொலைவில் இருக்கிறார், குரலோ மற்றொருவருடையது.

நம் நிலையும் இதற்கு அதிகம் வேறுபட்டதன்று. ஒரு சேகரத்தில் பல கிளைச்சபைகளைக் கவனிக்கும் குருவானவர் எழுதும் சுற்றுமடல், ஞாயிறு ஆராதனையின் முடிவில் அந்தந்த ஊர்ச் சபை ஊழியரால் வாசிக்கப்படுகிறது. கைப்பேசிச் செய்திகள் மலிந்துவிட்ட இக்காலத்திலும் பல சபைகளில் அதுவே வழக்கம். இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அது எனக்குப் பெருமை சேர்ப்பதன்று.

நான் சேகரப் பணியில் இருந்தபொழுது, ஒரு கிளைச்சபையிலிருந்து அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு வரவேண்டியிருந்தது. பொருளாளர் நல்லவர், ஆனால் எழுத்துவேலையில் மெதுவானவர். அவரை நினைத்துப் புன்னகையோடுதான் மடலை எழுதினேன். அதில் மூன்று வாக்கியங்கள் இவை: 'உங்கள் நேர்மையைப்பற்றி எனக்கு ஐயமேயில்லை. கணக்கு மட்டுந்தான் இன்னும் வந்து சேரவில்லை. மறுபடியும் கேட்டுப் பெறவேண்டிய நிலை வராது என்று நம்புகிறேன்.' எழுதியதை நானே ஒருமுறை மேசையருகில் மெல்ல வாசித்தும் பார்த்தேன். குறையொன்றும் தென்படவில்லை. மடல் போயிற்று. அந்த ஞாயிறு மாலையே பொருளாளர் காணிக்கைப் பெட்டியின் சாவியை மூப்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னர் அம்மூப்பர் என்னிடம் வந்து, 'ஐயா, இத்தனை பேருக்கு முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லாமற் சொல்லிவிட்டீர்களே' என்றார்.

நான் எழுதிய தாளை வாங்கி, சபை ஊழியர் வாசித்ததுபோலவே வாசித்துக் காட்டும்படி அவரைக் கேட்டேன். அவர் வாசித்தபொழுதுதான் எனக்கு விளங்கிற்று. 'ஐயமேயில்லை' என்பதில் உள்ள ஏகாரத்தை நீட்டி, 'மட்டுந்தான்' என்பதில் குரலை உயர்த்தி வாசித்தால், முதல் வாக்கியம் பாராட்டாக நிற்காது, ஏளனமாகிவிடும். அதன்பின் வரும் 'நம்புகிறேன்' என்பது மிரட்டலாக ஒலிக்கும். சபை ஊழியர் தீய நோக்கத்தோடு வாசித்தார் என்று நான் எண்ணவில்லை. ஏகாரத்திற்கும் 'தான்' என்பதற்கும் அழுத்தம் கொடுப்பது தமிழ் வாசகரின் இயல்பு. அவை அழுத்தத்திற்கென்றே அமைந்தவை. அழுத்தத்தின் பொருள் என்னவென்று தாளில் இல்லை. அது என் புன்னகையில் இருந்தது. புன்னகை என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நானே வாசித்துப் பார்த்தும் ஏன் குறை தென்படவில்லை? எழுதியவன் வாசிக்கும்பொழுது தாளில் உள்ளதை மட்டும் வாசிப்பதில்லை; தன் உள்ளத்தில் உள்ள தொனியையும் தன்னையறியாமல் சேர்த்து வாசிக்கிறான். ஆகையால் அவன் காதுக்கு எழுத்து எப்பொழுதும் அவன் எண்ணியபடியே ஒலிக்கும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டாலும் இதே குறைதான். பதிவில் இருப்பதும் அவன் குரலே. தன் வாசிப்பினால் வாக்கியத்தின் நீளத்தையும், நாக்கு இடறும் இடங்களையும் ஒருவன் கண்டுகொள்ளலாம். தொனியைச் சோதிக்க வேண்டுமானால் வேறொருவரின் குரல் தேவை.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1611-இல் வெளிவந்த ஆங்கிலத் திருமறை மொழிபெயர்ப்பு எவ்வாறு சீர்பார்க்கப்பட்டது என்பதை, அக்காலத்து அறிஞர் ஜான் செல்டன் தம் உரையாடலில் கூறியதாகக் குறிப்பு உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாய்க் கூடுவார்களாம். ஒருவர் ஆங்கில வரைவை வாசிப்பார். மற்றவர்கள் மூலமொழிகளிலோ, பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் போன்ற மொழிகளிலோ உள்ள திருமறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். குறை தென்பட்டால் பேசுவார்கள். இல்லையேல் வாசிப்பவர் மேலே செல்வார். இதில் நாம் கவனிக்கத்தக்கது, கேட்பவர் கையில் இருந்தது ஆங்கில வரைவன்று என்பதே. ஆங்கிலம் அவர்களுக்குக் காதின் வழியாக மட்டுமே வந்தது. கோயில்களில் வாசிக்கப்படுவதற்கென்று குறிக்கப்பட்ட நூலை, அது சபையாரைச் சென்றடையப்போகும் வழியிலேயே சோதித்தார்கள் எனலாம்.

நாம் செய்யவேண்டியதும் ஏறக்குறைய இதுவே. எழுதியதை முன்னர்ப் பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒத்திகை ஏதுமின்றி உரக்க வாசிக்கச் சொல்லவேண்டும். எழுதியவர் கையில் தாள் இருக்கக்கூடாது. தாள் இருந்தால் கண் காதை அடக்கிவிடும். இடையில் திருத்தவுங்கூடாது. 'அப்படியல்ல, இப்படி வாசியுங்கள்' என்று வாய் திறந்த கணத்தில் சோதனை முடிந்துபோகிறது. சபையில் நின்று அவ்வாறு சொல்ல நாம் அங்கு இருக்கமாட்டோம். வாசிப்பவர் எங்கே நின்று பின்னால் சென்று மறுபடியும் தொடங்குகிறார், நாம் எண்ணாத எந்தச் சொல்லில் குரலை உயர்த்துகிறார், எந்த இடத்தில் நமக்கே முகம் சுருங்குகிறது என்ற மூன்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

பின்பு, முதலாமவரைப்போன்ற இயல்பு இல்லாத இன்னொருவரிடம் அதே தாளைக் கொடுக்கலாம். இருவரும் ஒரே இடத்தில் இடறினால் குறை வாக்கியத்தில் உள்ளது. ஒருவர் மட்டும் இடறினால் அவரது பழக்கமாக இருக்கலாம். உடனிருந்து கேட்டவர் யாரேனும் இருந்தால், 'எப்படியிருந்தது?' என்று கேட்பதில் பயனில்லை. மரியாதையினால் நன்றாயிருந்தது என்றே சொல்வார். 'இதை எழுதியவர் எழுதும்பொழுது என்ன மனநிலையில் இருந்தார்?' என்று கேட்கவேண்டும். அக்கேள்விக்கு மறைத்துச் சொல்லத் தெரியாமல் மக்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

மேற்சொன்ன மடலை நான் இவ்வாறு மாற்றி எழுதியிருக்கலாம்: 'பண்டிகையின் ஏலக் கணக்கை இம்மாத இறுதிக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏலம் எடுத்தவர்களிடமிருந்து பணம் வந்து சேரத் தாமதமாகியிருந்தால் அதையும் எழுதுங்கள். காலம் நீட்டித்துத் தரலாம்.' இதில் நயம் ஒன்றும் இல்லை. ஆனால் எவர் எந்தக் குரலில் வாசித்தாலும் இது ஒரே பொருளைத்தான் தரும். பொருளாளர் நேர்மையானவர் என்று சொல்லவேண்டிய தேவையே இதில் எழவில்லை. ஐயமில்லை என்று ஒருவரைப்பற்றிச் சபையில் அறிவித்தால், ஐயம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பவர் முதலில் நினைப்பார்.

கூர்மையை எல்லாம் மழுக்குவதற்கான வழி இது என்று எவரும் கொள்ளவேண்டாம். பவுலின் திருமுகங்கள் பிறர் கையால் எழுதப்பட்டவை. உரோமருக்கு எழுதிய திருமுகத்தில் எழுதிய தெர்தியு தன் பெயரையே கூறி வாழ்த்துகிறான். கலாத்தியருக்கு எழுதியதிலும் இறுதியில் தம் கையால் பெரிய எழுத்துகளில் எழுதுவதாகப் பவுல் குறிப்பிடுவதால், அதற்கு முந்திய பகுதியை அவர் வாயால் சொல்ல வேறொருவர் எழுதினார் என்றே பலரும் கொள்கின்றனர். அங்ஙனமாயின், அறிவற்றவர்கள் என்ற அவ்விளி தாளில் ஏறுமுன்னரே உரத்த குரலில் சொல்லப்பட்டது, அவர் அதைத் தம் காதால் கேட்டார், கேட்டும் நீக்கவில்லை. சபை சுவிசேஷத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தபொழுது அவ்வார்த்தை வேண்டியிருந்தது. நாமறியாமல் நுழைந்த கடுமையை நீக்கவும், அறிந்து வைத்த கடுமையை அறிந்தே வைத்திருக்கவும் சோதனை உதவுகிறது. எழுதியவருக்கும் கேட்பவருக்கும் இடையேயுள்ள உறவையோ அது காட்டாது. தகப்பன் சொன்னால் தாங்கிக்கொள்ளும் வார்த்தையைப் புதிதாக வந்த குரு சொன்னால் சபை தாங்காது. இதை எந்த வாசிப்பும் முன்கூட்டி அறிவிக்கமாட்டாது.

அருளுரை வரைவுக்கு வரும்பொழுது வேறொரு சிக்கல் எழுகிறது. நாம் எழுதுவது செந்தமிழில். பேசும்பொழுதோ பாதி வழியில் பேச்சுவழக்குக்கு இறங்கிவிடுகிறோம். எங்கே இறங்குகிறோம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் விளக்கப்பகுதியைச் செந்தமிழில் சொல்லிவிட்டு, கண்டிக்கும் இடத்தில்தான் பேச்சுவழக்குக்கு மாறுகிறார்கள். 'நாம் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாதிருப்போமாக' என்று தாளில் இருப்பது, வாயில் வரும்பொழுது 'நீங்க ஏன் எப்பப்பார்த்தாலும் அடுத்தவனைக் குறை சொல்றீங்க?' என்று ஆகிவிடுகிறது. நடை மாறியதோடு, 'நாம்' என்பது 'நீங்க' என்றாகிப் போதகர் அவ்வட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார். தாளைப் பார்த்துத் திருத்துபவருக்கு இம்மாற்றம் தெரியவே தெரியாது. உரக்கச் சொல்லிப் பார்த்தால், அதுவும் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால், உடனே தெரியும்.

மற்றொன்று நம் மொழியின் அமைப்பைச் சார்ந்தது. தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் இறுதியில் இருக்கிறது. காலம், யார் செய்தது, செய்தார்களா இல்லையா ஆகிய எல்லாம் வினைமுற்றில் வந்து முடிகின்றன. ஆனால் வாக்கியத்தின் இறுதியில் குரல் தாழ்வதும் மூச்சுக் குறைவதும் இயல்பு. பெரிய ஆலயத்தில், எதிரொலிக்கும் ஒலிபெருக்கியின்முன், இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மாணவர் தம் வரைவில் இவ்வாறு எழுதியிருந்தார்: 'துன்பப்படுகிறவன் தன் பாவத்தின் காரணமாகவே துன்பப்படுகிறான் என்றும், செழித்திருப்பவன் தன் நீதியின் பயனையே அனுபவிக்கிறான் என்றும் யோபுவின் நண்பர்கள் உறுதியாகக் கூறிய கருத்தைத் திருமறை ஏற்கவில்லை.' எழுத்தில் குறையில்லை. வகுப்பில் மற்றொரு மாணவர் இதை ஆலயத்தின் முன்பக்கம் நின்று வாசிக்க, நாங்கள் கடைசி இருக்கைகளில் அமர்ந்து கேட்டோம். 'ஏற்கவில்லை' என்பது எங்களை வந்தடையவில்லை. 'ஏற்க' என்பதோடு ஒலி கரைந்துபோயிற்று. அன்று காலையில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி அவ்விடத்தில் அமர்ந்திருந்தால், மறுக்கப்பட்ட உபதேசத்தையே தேவவார்த்தையாகக் கேட்டு வீடு சென்றிருப்பாள்.

திருத்தம் எளிது. மறுப்பை முன்னால் கொண்டுவரவேண்டும்: 'யோபுவின் நண்பர்கள் சொன்னது தவறு. துன்பப்படுகிறவன் பாவம் செய்திருப்பான் என்றார்கள் அவர்கள். கடவுளோ அவர்கள்மேல் கோபங்கொண்டார்.' ஒரு நெடிய வாக்கியம் மூன்றாயிற்று. மறுப்பு தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை கேட்கிறது. கடைசி இருக்கையிலிருந்து கேட்டிராவிட்டால் அம்மாணவரும் மாற்றியிருக்கமாட்டார், நானும் மாற்றச் சொல்லியிருக்கமாட்டேன்.

இனி மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் பொருள் காக்கப்பட்டும் தொனி மாறிவிடக்கூடும் என்பதற்குக் கானாவூர்த் திருமணம் தெளிவான எடுத்துக்காட்டு. யோவான் 2:4-இல் இயேசு தம் தாயை விளிக்கும் கிரேக்கச் சொல் 'குனாய்' என்பது. பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல்லின் விளிவடிவம் அது. கிரேக்க வழக்கில் அதில் அவமதிப்பு இல்லை. சிலுவையிலிருந்து தாயை அன்புள்ள சீடனிடம் ஒப்படைக்கும்பொழுதும், கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாளிடத்திலும் இயேசு அதே சொல்லையே வழங்குகிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு இதனை 'ஸ்திரீயே' என்று தந்தது. அகராதிப்படி பிழையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த மகனும் எந்த மனிதனும் எந்தப் பெண்ணையும் அவ்வாறு அழைத்ததில்லை. வாழ்க்கையில் வழங்காத சொல்லுக்கு வாழ்க்கையில் தொனி கிடையாது. ஆகையால் வாசிப்பவர் தாமே ஒரு தொனியைப் படைக்கவேண்டியவராகிறார். அதன்பின் வரும் 'எனக்கும் உனக்கும்' என்ற ஒருமையோடு சேர்ந்து அது அநேகமாகக் கடுமையான தொனியாகவே அமைந்துவிடுகிறது. கிரேக்கத்தில் முன்னிலை ஒருமை ஒன்றே. அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக்குறைவும் இல்லை. தமிழில் எழுதுபவரோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு தொனியைச் சேர்க்காமல் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுத இயலாது.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தில் 'அம்மா' என்று கூறுகிறது. வாசித்துப் பாருங்கள், கடுமை நீங்கிவிடுகிறது, எந்த வாசகருக்கும் இடறல் இல்லை. தமிழில் அறியாத பெண்ணையும் மரியாதையாய் அம்மா என்போம். எனவே சமாரியப் பெண்ணிடத்திலும் மகதலேனா மரியாளிடத்திலும் அச்சொல் 'குனாய்' என்பதற்கு நன்கு பொருந்தும். தாயிடத்தில் வரும்பொழுதோ அது வேறு சொல்லாகிவிடுகிறது. மகன் 'அம்மா' என்றால் தாயே என்றுதான் கேட்பவர் கொள்வர். நற்செய்தியாளரோ தாயே என்னும் விளியை அங்கே வைக்கவில்லை. அந்நேரம் இன்னும் வராத நிலையில் இயேசு உறவின் உரிமைக்கு அப்பால் நிற்கிறார் என்பதை அவ்விளி காட்டுகிறது என்பது பல விளக்கவுரையாளர் கருத்து. ஆக, பழைய சொல் தூரத்தைக் காத்து அன்பை இழந்தது. புதிய சொல் அன்பைக் காத்துத் தூரத்தை இழந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே தரும் தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. இதனை அறிந்திருக்கும் போதகர், எந்த மொழிபெயர்ப்பை வாசித்தாலும், இழந்துபோனதை அருளுரையில் ஈடுசெய்யலாம்.

சில இடங்களில் தமிழ் மூலத்தோடு நன்கு ஒத்துப்போவதும் உண்டு. கடைசி இராப்போசனத்தில், தம்மைக் காட்டிக்கொடுப்பவன் தங்களில் ஒருவன் என்று இயேசு சொன்னபொழுது, சீடர்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கேட்ட கேள்வி மத்தேயு 26:22-இல் 'மேத்தி' என்னும் இடைச்சொல்லோடு தொடங்குகிறது. 'இல்லை' என்ற விடையை எதிர்நோக்கிக் கேட்கும் வினா அது. ஆங்கிலத்தில் இதனைச் சுற்றிவளைத்துச் சொல்லவேண்டும். தமிழில் ஓர் ஓகாரம் போதும்: 'நானோ?' 'நானா?' என்றால் கேள்வி மட்டும். 'நானோ?' என்றால் அச்சமும், அல்லவென்ற விடைக்கான ஏக்கமும் அதில் ஏறிவிடுகின்றன.

மூன்று வசனங்கள் கடந்து யூதாசும் அதே கேள்வியைக் கேட்கிறான். மத்தேயு அவன் வாயில் வைத்த சொற்கள் மற்றவர்களுடையவையே. அதே 'மேத்தி', அதே வினா. ஒரே வேறுபாடு, அவர்கள் ஆண்டவரே என்றார்கள், இவன் ரபீ என்கிறான். பெரிய வியாழன் மாலையில் இப்பகுதியை வாசிப்பவர்கள், சீடர்களின் கேள்வியை நடுக்கத்தோடும் யூதாசின் கேள்வியைக் குழைந்த வஞ்சகக் குரலிலும் வாசிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நாடகத்திற்கு அது பொருந்தும். ஆனால் அவ்வாறு வாசித்தால் சபை யூதாசை முன்னரே அடையாளங்கண்டு நிம்மதி அடைந்துவிடுகிறது. பதினொருவரும் அவனும் ஒரே சொற்களால் கேட்டார்கள் என்பதும், அறையிலிருந்தவர்களுக்குக் கேள்வியைக்கொண்டு வேறுபாடு தெரிந்திருக்காது என்பதும் மறைந்துபோகின்றன. சென்ற ஆண்டு எங்கள் ஆலயத்தில் வாசித்த மாணவியிடம், இரு வசனங்களையும் ஒரே குரலில் வாசித்து, அந்த ஒரு விளியை மட்டும் அழுத்தமின்றித் தெளிவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அவ்வாறே வாசித்தார். யூதாசின் கேள்விக்குப்பின், இயேசு அவனுக்குக் கூறிய விடையை வாசிக்குமுன், ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தினார். நிறுத்தும்படி நான் சொல்லியிருக்கவில்லை.